வால்வு மூடியதும் குழாய் அதிர்வது ஏன்? காற்றறையும் அரெஸ்டரும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

“பழைய ரெட்டைத் தொட்டி வாஷிங் மெஷினில் சத்தமே இல்லை. புது ஆட்டோமேட்டிக் மெஷின் வந்த பிறகு, சுவருக்குள் யாரோ சுத்தியலால் அடிப்பது போல ‘டம்’ என்கிறது. மெஷினில் பழுதா, அண்ணா?”

மெஷின் நன்றாகத்தான் இருக்கிறது. சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தாமான் வீட்டிலிருந்து வந்த கேள்வி இது. அந்த வீட்டில் நான் பார்த்ததையும் அளந்ததையும் வைத்தே இந்தப் பக்கத்தின் பெரும்பகுதியை எழுதுகிறேன். நம் ஊரில் தண்ணீர் திறக்கும் வாயையும் ‘பைப்பு’ என்கிறோம், சுவருக்குள் ஓடுவதையும் ‘பைப்பு’ என்கிறோம். குழப்பம் வராமல் இருக்க, இங்கே பைப்பு என்றால் கையால் திறந்து மூடுவது என்றும், குழாய் என்றால் தண்ணீரைக் கொண்டுவருவது என்றும் கொள்ளுங்கள்.

பழைய மெஷினுக்கு அந்த அம்மா பைப்பைத் திறந்து தண்ணீர் நிரப்பிவிட்டு, கையால் மெல்லத் திருகி மூடுவார். தண்ணீரின் ஓட்டம் ஓரிரு விநாடிகளில் படிப்படியாகக் குறைந்து நிற்கும். புது மெஷினிலோ சோலனாய்டு வால்வு, அதாவது மின்காந்தத்தால் திறந்து மூடும் வால்வு, அந்த வேலையைச் செய்கிறது. மின்சாரம் நின்றதும் அது ஒரு விநாடியை நூறாகப் பிரித்தால் அதில் சில பங்கு நேரத்துக்குள் மூடிக்கொள்ளும். அதுவரை குழாய் முழுவதும் ஒரே தண்டு போல ஓடிவந்த தண்ணீருக்குப் போக இடமில்லை. வால்வின் முகத்தில் மோதி நிற்கும் தண்ணீர் இறுகுகிறது. அதன் பின்னால் வரும் தண்ணீர் அதன்மேல் மோதி இறுகுகிறது. இப்படி ஓர் அழுத்த அலை குழாயின் வழியே பின்னோக்கி ஓடுகிறது. தெருவில் உள்ள பெரிய குழாயை அடைந்ததும் அந்த அலை திரும்புகிறது. குழாய் பிடிப்பில்லாமல் இருக்கும் இடத்திலும் வளையும் இடத்திலும் அலை தள்ளும்போது குழாய் சுவரில் இடிக்கிறது. உங்களுக்குக் கேட்கும் ‘டம்’ அதுதான். தொழிலில் இதை வாட்டர் ஹேமர் என்கிறார்கள்.

“வெறும் தண்ணீர்தானே, அதற்கு அவ்வளவு பலம் எங்கிருந்து வரும்?”

இதற்கான கணக்கை ரஷ்யப் பொறியாளர் நிக்கோலாய் ஜுகோவ்ஸ்கி, மாஸ்கோ நகரக் குடிநீர்க் குழாய்களில் 1897-98இல் செய்த சோதனைகளோடு உறுதிப்படுத்தினார். வால்வு சட்டென்று மூடும்போது அழுத்தம் எவ்வளவு உயரும் என்பதை அது இப்படிச் சொல்கிறது:

```
ΔP = ρ × a × ΔV
```

ρ என்பது தண்ணீரின் அடர்த்தி, ஒரு கன மீட்டருக்கு 1000 கிலோ. a என்பது அந்தக் குழாய்க்குள் அழுத்த அலை ஓடும் வேகம். ΔV என்பது நிறுத்தப்பட்ட ஓட்டத்தின் வேகம். வீட்டுக்கு வரும் அழுத்தம் இந்தக் கணக்கில் நேராக இல்லை என்பதைக் கவனியுங்கள். அடியின் பலத்தைத் தீர்மானிப்பது தண்ணீர் ஓடிக்கொண்டிருந்த வேகம்தான்.

அந்தத் தாமான் வீட்டில் எல்லாப் பைப்புகளையும் மூடிவிட்டு, மெஷின் நிரம்பும்போது மீட்டரைப் பார்த்தேன். நிமிடத்துக்கு 12 லிட்டர் ஓடியது. அரை அங்குல இரும்புக் குழாயின் உள் விட்டம் ஏறத்தாழ 16 மி.மீ. என்பதால், ஓட்டத்தின் வேகம் விநாடிக்கு 1 மீட்டர் வருகிறது. இரும்புக் குழாயில் அலையின் வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 1300 மீட்டர். ஆகவே உயரும் அழுத்தம் 13 லட்சம் பாஸ்கல், அதாவது 13 பார். வீட்டில் சாதாரணமாக இருந்த 3 பாரோடு சேர்த்தால், ஒரு கணத்துக்கு 16 பார். கழிப்பறைத் தெளிப்பானின் ஒல்லியான ரப்பர் ஹோசும், மெஷினின் ஹோஸ் முனையில் உள்ள வாஷரும், தண்ணீர்ச் சூடாக்கியின் இணைப்பும் இதை ஒவ்வொரு துவையலிலும் பல முறை தாங்க வேண்டியிருக்கிறது.

தெருக் குழாயிலிருந்து மெஷின் வரை 18 மீட்டர் தூரம். அலை போய்த் திரும்ப 36 மீட்டர் ஓட வேண்டும், அதற்கு 0.028 விநாடி ஆகும். வால்வு இதைவிட விரைவாக மூடினால் அடி முழுப் பலத்துடன் விழும். இதைவிட நிதானமாக மூடினால், திரும்பி வரும் அலை வந்து பாதியிலேயே அழுத்தத்தைக் குறைத்துவிடும். அதனால்தான் நீண்ட குழாயில் சத்தம் பெரிதாகக் கேட்கிறது: அலை திரும்பி வந்து உதவுவதற்குள் வால்வு மூடி முடித்துவிடுகிறது.

“வேறு எந்தெந்த வால்வுகள் இப்படிச் சட்டென்று மூடும்?”

வீட்டில் மூன்று இடங்களைப் பாருங்கள். முதலாவது, சலவை இயந்திரமும் பாத்திரம் கழுவும் இயந்திரமும். இரண்டிலும் சோலனாய்டு வால்வுதான். இரண்டாவது, கழிப்பறைத் தெளிப்பானின் விசை. விரலை எடுத்ததும் ஸ்பிரிங் அதை மூடிவிடும். மூன்றாவது, கால் சுற்றில் மூடும் நெம்புகோல் பைப்பு. கையால் மூடுவதால் அது மெதுவாக மூடுகிறது என்று நினைக்கிறோம். ஆனால் அப்படிப்பட்ட பைப்பில் பிடியை முக்கால்வாசி திருப்பும் வரை ஓட்டம் பெரிதாகக் குறைவதில்லை. கடைசிச் சிறு திருப்பத்தில்தான் மொத்த ஓட்டமும் நிற்கிறது. அந்தக் கடைசித் திருப்பத்தைச் சற்று நிதானமாகச் செய்தாலே நெம்புகோல் பைப்பின் சத்தம் நின்றுவிடும். அதற்குக் கருவி வாங்கத் தேவையில்லை.

“இது வாட்டர் ஹேமர்தான், வேறு சத்தம் இல்லை என்று எப்படித் தெரிந்துகொள்வது?”

ஏதேனும் ஒரு வால்வு மூடிய அதே கணத்தில் ஒரு பலத்த இடியும், அதைத் தொடர்ந்து தேய்ந்து போகும் இரண்டு மூன்று சிறிய இடிகளும் கேட்டால், அது வாட்டர் ஹேமர். தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும்போதே ‘உம்ம்’ என்றோ ‘கடகட’ என்றோ சத்தம் வந்தால், பெரும்பாலும் ஏதோ ஒரு பைப்பின் வாஷர் தளர்ந்து ஆடுகிறது. வாட்டர் ஹேமரின் அடியை வாங்கிக்கொள்ளும் கருவியான அரெஸ்டர் அதற்குப் பயன்படாது.

உறுதி செய்ய எளிய வழி ஒன்று உண்டு. மெஷின் நிரம்பும்போது, அதே குழாயில் மெஷினுக்கு அருகே உள்ள வேறொரு பைப்பைப் பாதி திறந்து ஓட விடுங்கள். மெஷின் வால்வு மூடும்போது அழுத்தம் தப்பிப்போக அங்கே ஒரு வாசல் இருக்கும். சத்தம் தெளிவாகக் குறையும். சாதாரண அழுத்தமானியை மாட்டிப் பார்ப்பதில் பயனில்லை. அதன் முள், அலை வந்து போகும் வேகத்துக்கு ஈடு கொடுக்காது. அது 3 பாரையே காட்டிக்கொண்டிருக்க, குழாய் 16 பாரைத் தாங்கிக்கொண்டிருக்கும்.

“எங்கள் பக்கத்து வீட்டு அண்ணன், மூடி போட்ட ஒரு துண்டுக் குழாயை நிறுத்தி வைத்தால் போதும் என்றார். வைத்தோம், சத்தம் நின்றது. நாலு மாதத்தில் திரும்பி வந்துவிட்டது. ஏன்?”

அந்த அண்ணன் செய்தது காற்றறை. தோட்டத்து லயங்களில் இரும்புக் குழாய் போட்ட பழைய ஆட்கள் எல்லோரும் அறிந்த முறை அது. மூன்று வாய் கொண்ட டீ இணைப்பு ஒன்றைப் போட்டு, அதன் மேல் மூடியிட்ட குழாயை நிமிர்த்தி வைத்தால், உள்ளே சிக்கிய காற்று மெத்தை போல இருந்து அடியை வாங்கிக்கொள்ளும். யோசனை சரியானது, நீடிக்காதது என்பதே அதன் குறை. எவ்வளவு விரைவில் தளர்கிறது என்பதைக் கணக்கோடு பார்ப்போம்.

நீங்கள் வைத்தது அரை அங்குலக் குழாயில் 600 மி.மீ. உயரம். அதன் உள்ளே காற்று 120 மில்லிலிட்டர் அளவு இருக்கும். ஆனால் அது தண்ணீர் திறப்பதற்கு முன் இருந்த அளவு. மெயின் வால்வைத் திறந்ததும் 3 பார் அழுத்தம் ஏறுகிறது. சுற்றியிருக்கும் காற்றின் அழுத்தத்தையும் சேர்த்தால் மொத்தம் 4 பார். அழுத்தம் நான்கு மடங்கானால் காற்றின் கன அளவு நான்கில் ஒன்றாகும். ஆகவே முதல் நாளிலேயே உங்கள் மெத்தை 30 மில்லிலிட்டர்தான்; 600 மி.மீ. குழாயில் மேலே 150 மி.மீ. மட்டுமே காற்று, மீதி தண்ணீர்.

இப்போது தேவை எவ்வளவு என்று பாருங்கள். 18 மீட்டர் குழாயில் உள்ள தண்ணீர் 3.6 கிலோ. விநாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் அது சுமக்கும் ஆற்றல் 1.8 ஜூல். அதை வாங்கிக்கொண்டு, அழுத்தம் 7 பாருக்கு மேல் ஏறாமல் தடுக்க ஏறத்தாழ 26 மில்லிலிட்டர் காற்று வேண்டும் என்று என் கணக்கு வருகிறது. உங்களிடம் இருந்தது 30. முதல் நாள் சத்தம் நின்றதற்கும், அது நீடிக்காததற்கும் காரணம் அந்த நூலிழை வித்தியாசம்தான். காற்று தண்ணீரில் கரையும். அழுத்தம் கூடக் கூட அதிகம் கரையும். ஒவ்வொரு துவையலிலும் புதுத் தண்ணீர் வந்து அடிமட்டத்தில் உரசி, கொஞ்சம் காற்றை எடுத்துச் செல்கிறது. சில மாதங்களில் குழாய் உச்சி வரை தண்ணீர் நிறைந்துவிடும். தண்ணீர் காற்றைப் போல அமுங்காது; ஆகவே அது வெறும் துண்டுக் குழாயாக நிற்கும்.

மீண்டும் உயிர் கொடுக்க முடியும். மீட்டரருகே உள்ள ஸ்டாப் வால்வை மூடுங்கள். வீட்டில் மிகத் தாழ்வாக உள்ள பைப்பையும், காற்றறைக்கு மேல் உயரத்தில் உள்ள ஒரு பைப்பையும் திறந்து, தண்ணீர் முழுவதும் வடியவிடுங்கள். மேலே உள்ளதைத் திறக்காவிட்டால் காற்று உள்ளே புகாது, காற்றறையும் காலியாகாது. பிறகு இரண்டையும் மூடி, ஸ்டாப் வால்வை மெதுவாகத் திறங்கள். இதைச் சில மாதத்துக்கு ஒருமுறை செய்துகொண்டே இருக்க வேண்டும். யாரும் தொடர்ந்து செய்வதை நான் பார்த்ததில்லை. அதனால்தான் புதிதாகக் காற்றறை வைக்கச் சொல்லி நான் யாருக்கும் ஆலோசனை தருவதில்லை. ஒருவர் இடமில்லை என்று காற்றறையைப் படுக்கை வாட்டில் வைத்திருந்தார். அதில் காற்று முதல் நாளே நழுவி வெளியேறிவிடும். அது பொருத்தாததற்குச் சமம்.

“அரெஸ்டர் என்பதும் காற்று அடைத்த குழாய்தானே? அது மட்டும் எப்படிக் கெடாமல் இருக்கிறது?”

உள்ளே காற்றுக்கும் தண்ணீருக்கும் நடுவில் ஒரு பிஸ்டன் இருக்கிறது. அதைச் சுற்றி ரப்பர் வளையங்கள் அடைத்திருக்கும். தண்ணீர் காற்றைத் தொடுவதில்லை. ஆகவே கரைத்து எடுத்துச் செல்ல முடிவதில்லை. இன்னொரு வேறுபாடும் உண்டு. வீட்டுக்கான பல அரெஸ்டர்களில் தொழிற்சாலையிலேயே 4 பார் அளவில் காற்றை அழுத்தி நிரப்பியிருப்பார்கள். மெயின் அழுத்தம் 3 பாராக இருக்கும் வீட்டில் பிஸ்டன் தண்ணீர்ப் பக்கத்து முனையிலேயே நிற்கும். அடி வரும்போதுதான் நகரும். காற்றறை முதல் நாளே தன் காற்றில் முக்கால் பங்கு இடத்தை இழந்தது. அரெஸ்டர் தன் முழு இடத்தையும் அடிக்காகவே வைத்திருக்கிறது. அதனால்தான் உள்ளங்கை அளவுக் கருவி, இரண்டடிக் குழாயைவிட நன்றாக வேலை செய்கிறது.

“எங்கே, எப்படிப் பொருத்த வேண்டும்? மீட்டரருகே ஒன்று வைத்தால் வீடு முழுவதற்கும் போதாதா?”

போதாது. அடி பிறப்பது வால்வில். மீட்டரருகே வைத்தால், தெருப் பக்கம் போகும் அலையை அது தணிக்கும். ஆனால் மெஷினுக்கும் மீட்டருக்கும் இடையிலுள்ள உங்கள் வீட்டுக் குழாய், அலை அரெஸ்டரை எட்டித் திரும்பும் வரை முழு அடியையும் வாங்கும். பழுதாகக்கூடியவை எல்லாம் அந்த இடைப்பட்ட பகுதியில்தான் இருக்கின்றன. அரெஸ்டருக்கான அளவு விதிகளை வகுத்த அமெரிக்க அமைப்பான பி.டி.ஐ., 20 அடி வரையுள்ள கிளைக் குழாயில், கடைசிச் சாதனத்திலிருந்து 6 அடிக்குள் அதை வைக்கச் சொல்கிறது. 6 அடி என்றால் 1.8 மீட்டர். மெஷினுக்கு நான் அதைவிட அருகே, பைப்புக்கும் ஹோசுக்கும் நடுவிலேயே வைக்கிறேன்.

அப்படித் திருகிப் பொருத்தும் வகைக்குச் சுவரை உடைக்க வேண்டியதில்லை. மெஷின் பைப்பை மூடி, ஹோசைக் கழற்றி, அரெஸ்டரைப் பைப்பில் திருகி, அதன் மறுமுனையில் ஹோசைத் திருக வேண்டும். ஹோஸ் இணைப்பில் தண்ணீரைத் தடுப்பது தட்டை ரப்பர் வாஷர். அங்கே வெள்ளை டேப் சுற்றுவது தேவையற்றது, சில சமயம் வாஷர் சரியாக அமர்வதையே கெடுக்கும். கையால் இறுக்கி, அதற்கு மேல் ஸ்பேனரில் கால் சுற்று போதும். பைப்பைத் திறந்ததும் ஒரு காகிதத் துண்டை இணைப்பைச் சுற்றித் தொட்டுப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத கசிவைக் காகிதம் காட்டிவிடும்.

சுவருக்குள் வைக்கும் வகை என்றால், தண்ணீர் நேராக ஓடிவந்து மோதும் திசையில், குழாய் வால்வுக்காகத் திரும்பும் இடத்தில் டீ போட்டு, நேர்க்கோட்டின் முனையில் அரெஸ்டரை வைப்பது சிறந்தது. பிஸ்டன் இருப்பதால் அது நின்றாலும் படுத்தாலும் வேலை செய்யும். ஆனால் அதன் மேல் ஓடு ஒட்டி மூடிவிடாதீர்கள். கழற்றி மாற்ற ஒரு சிறு கதவாவது விடுங்கள். குழாய் ஆடும் இடங்களில் கிளிப் போடுவதையும் அதே நாளில் செய்துவிடுங்கள். கிளிப் மட்டும் போட்டால் சத்தம் குறையும், அழுத்தம் குறையாது.

“இணையத்தில் வாங்கிய அரெஸ்டர் பைப்பில் இரண்டு சுற்று ஏறி நின்றுவிட்டது. இன்னும் பலமாகத் திருகலாமா?”

வேண்டாம், திருகாதீர்கள். அந்தத் தாமான் வீட்டிலும் முதலில் வாங்கியது இப்படித்தான் ஆனது. அமெரிக்கச் சந்தைக்குச் செய்த மெஷின் அரெஸ்டர்களில் முக்கால் அங்குலத் தோட்ட ஹோஸ் மரை இருக்கும். அதில் அங்குலத்துக்கு 11.5 மரை. நம் மலேசியாவில் மெஷின் இணைப்புகள் பி.எஸ்.பி. என்னும் பிரிட்டிஷ் தர மரை, முக்கால் அங்குலத்தில் அங்குலத்துக்கு 14. இரண்டும் பார்வைக்கு ஒன்று போலத் தெரியும். ஓரிரு சுற்று கடித்தும் கொள்ளும். பலமாக இறுக்கினால் பித்தளை மரை சிதைந்து, பைப்பையும் மாற்ற வேண்டிவரும். வாங்கும்போது ‘முக்கால் பி.எஸ்.பி.’ என்று குறிப்பிட்டுக் கேளுங்கள். உங்கள் பைப்பின் வாய் அரை அங்குலமா முக்காலா என்பதையும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

“எங்கள் வீட்டில் பி.வி.சி. குழாய்தான். எங்களுக்கும் இது தேவையா?”

பி.வி.சி. சற்று விரிந்து கொடுக்கும் என்பதால், அதில் அலையின் வேகம் விநாடிக்கு 400 முதல் 500 மீட்டர் அளவே. அதே ஓட்டத்துக்கு அழுத்தம் 13 பாருக்குப் பதில் ஏறத்தாழ 4.5 பார்தான் உயரும். சத்தமும் மந்தமாக இருக்கும். ஆனால் அலை போய்வர அதிக நேரம் ஆவதால், சற்று நிதானமாக மூடும் வால்வுகூட அந்த 4.5 பாரை முழுமையாக எழுப்பிவிடும். பசை போட்டு ஒட்டிய முழங்கை இணைப்புகள் திரும்பத் திரும்ப இப்படி இழுபடும்போது தளரும். மெஷின் மூடும்போது குழாய் கண்ணால் பார்க்கும்படி துள்ளினால் அரெஸ்டர் வையுங்கள்; துள்ளாவிட்டால் தேவையில்லை.

“காசு செலவழிக்காமல் முதலில் ஏதாவது செய்து பார்க்க முடியுமா?”

முடியும். மெஷினுக்குப் போகும் பைப்பைப் பாதி மூடுங்கள். ஓட்டத்தின் வேகம் பாதியானால் உயரும் அழுத்தமும் பாதியாகும். தண்ணீர் சுமக்கும் ஆற்றலோ நான்கில் ஒன்றாகும். மெஷின் நிரம்பக் கூடுதல் நேரம் ஆகும். அளவுக்கு மீறி மூடினால் தண்ணீர் வரவில்லை என்று மெஷின் நின்றுவிடும். மற்றொரு வழி, மெஷினை நேர் மெயினிலிருந்து எடுக்காமல் கூரை டாங்கியிலிருந்து எடுப்பது. டாங்கி 3 மீட்டர் உயரத்தில் இருந்தால் 0.3 பார் அழுத்தமே கிடைக்கும். ஓட்டமும் மெதுவாக இருக்கும். அவ்வளவு குறைந்த அழுத்தத்தில் சில மெஷின் வால்வுகள் சரியாக வேலை செய்யாது என்பதால், மெஷினின் கையேட்டைப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.

“அரெஸ்டர் எத்தனை காலம் வரும்? கெட்டதை எப்படிக் கண்டுபிடிப்பது?”

தேதி சொல்ல இயலாது. ரப்பர் வளையம் தேயும் வேகம் பயன்பாட்டையும், தண்ணீரில் வரும் மணலையும் துருவையும் பொறுத்தது. சத்தம் திரும்பினால், கழற்றி, தண்ணீர்ப் பக்கத்து வாயில் மழுங்கிய மரக்குச்சியை விட்டு பிஸ்டனைத் தள்ளிப் பாருங்கள். காற்று இருந்தால் கெட்டியாக எதிர்த்து நிற்கும். எளிதாக உள்ளே போனாலோ, ஆட்டும்போது பிஸ்டனுக்குப் பின்னால் தண்ணீர் குலுங்கினாலோ அதன் காலம் முடிந்தது, புதியது வாங்குங்கள்.

“அரெஸ்டர் வைத்த பிறகு மெஷின் சத்தம் போய்விட்டது. ஆனால் நடு இரவில், யாரும் தண்ணீரைத் தொடாதபோது, கூரைக்குள் ‘டக் டக் டக்’ என்கிறதே?”

அந்தத் தாமான் வீட்டில் கடைசியாக எஞ்சியது இந்தச் சத்தம்தான். அது டாங்கியின் மிதவை வால்வு. இரவில் ஊரில் தண்ணீர்ப் பயன்பாடு குறைவதால் மெயின் அழுத்தம் கூடுகிறது. டாங்கி நிறையும் தறுவாயில் விழும் தண்ணீர் மேற்பரப்பில் அலை எழுப்ப, மிதவை அதில் ஏறி இறங்கி, வால்வைச் சிறிது திறந்து சிறிது மூடிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு மூடலும் ஒரு சிறு அடி. இதற்கு அரெஸ்டர் பாதி மருந்துதான். மிதவையை நிலையாக நிற்க வைப்பதே முழு மருந்து. அங்கே நாங்கள் தளர்ந்திருந்த வால்வை டாங்கிச் சுவரோடு இறுக்கினோம். தேய்ந்திருந்த வாஷரை மாற்றினோம். வால்விலிருந்து தண்ணீர் விழும் இடத்துக்கும் மிதவைக்கும் நடுவில் ஒரு பிளாஸ்டிக் தகட்டைத் தடுப்பாக நிறுத்தி, அலை மிதவையைத் தொடாமல் செய்தோம். டாங்கிக்குப் போகும் குழாயின் ஸ்டாப் வால்வையும் முக்கால் சுற்று மூடி வைத்தோம். இப்போது அந்த டாங்கி நிறைய முன்பைவிடச் சற்று அதிக நேரம் ஆகிறது. இரவுச் சத்தம் இல்லை.